கட்டைவிரல் போடுவது கணக்குப் பார்ப்பது அல்ல

உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை, வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் ஊர்ச் சங்கங்களில் இப்போது ஒரு புதுப் பழக்கம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமாக இருக்கட்டும், விளையாட்டுக் கழகமாக இருக்கட்டும், மரண உதவிச் சங்கமாக இருக்கட்டும், சாமான் வாங்கியவர் பில்லைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ஐந்து நிமிடத்தில் பதினைந்து கட்டைவிரல் விழுகிறது. "நன்றி சேர்", "சிறப்பு" என்று இரண்டு பேர் எழுதுகிறார்கள். அத்தோடு கணக்கு "காட்டப்பட்டது" ஆகிவிடுகிறது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, கீழே உள்ள தொகை எப்படி வந்தது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

களுதாவளையில் வெற்றிலை விற்கிறவர் கட்டை எண்ணித்தான் கொடுக்கிறார். வாங்குகிறவரும் எண்ணித்தான் எடுக்கிறார். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஆனால் ஒன்றரை இலட்சம் ரூபா பில்லை எண்ணிப் பார்த்தால் மட்டும் "சேருக்கு ஆள்களில் நம்பிக்கை இல்லை" என்கிறார்கள். நாங்கள் பேசுவது நம்பிக்கையைப் பற்றி அல்ல, கூட்டல் பெருக்கலைப் பற்றி. அதிலும் குறிப்பாக, பில்லின் அடியில் வரும் அந்த ஒற்றை வரியைப் பற்றி: "வற் 18%".

முதலில் அடிப்படை. பெறுமதி சேர் வரி, நாங்கள் சொல்லும் வற், 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. இதை எல்லாக் கடையும் அறவிட முடியாது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வற்றுக்குப் பதிவு செய்தவர் மட்டுமே அறவிடலாம். விற்பனை ஓர் எல்லையைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2024 ஜனவரி 1 அன்று அந்த எல்லை ஆண்டுக்கு 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. அப்போது அந்த 60 மில்லியனைத் தாண்ட, வருடத்தின் எல்லா நாளும் கடை திறந்தாலும் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்து அறுபத்து நாலாயிரம் ரூபாவுக்கு மேல் விற்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகள் பலவற்றுக்கு அது எட்டாத தொகை. எல்லைக்குக் கீழே இருப்பவர் விரும்பினால் தானாகப் பதிவு செய்யலாம், அது வேறு. ஆனால் பதிவே இல்லாதவர் பில்லில் 18% சேர்த்தால் அது வரி அல்ல. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி எடுத்த காசு. திறைசேரிக்கு அதில் ஒரு சதமும் போகாது.

அதனால்தான் பில்லைப் பார்க்கும்போது முதலில் தலையைப் பார்க்கச் சொல்கிறோம். போட்டோ எடுப்பவர்கள் அதிகம் வெட்டிவிடுவதும் அந்தத் தலையைத்தான். தொகை தெரிந்தால் போதும் என்று அடிப்பகுதியை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். விற்றவர் யார் என்பதே இல்லாத ஒரு தாள் எங்கள் கணக்குக் கோவைக்குள் போகிறது.

தலையில் என்ன இருக்க வேண்டும்? சட்டம் "வரிப் பட்டியல்" என்று ஒன்றைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் "டெக்ஸ் இன்வொய்ஸ்" என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதில் விற்பவரின் பெயர், முகவரி, வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். திகதி, தொடர் இலக்கம், சாமானின் விபரம், எவ்வளவு என்பது, வரி இல்லாத பெறுமதி, வரி, இரண்டும் சேர்ந்த தொகை ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். வற் பதிவு இலக்கத்தை அடையாளம் காண்பது லேசு. வரி செலுத்துநரின் ஒன்பது இலக்க எண், அதன் பின்னால் 7000.

இந்த முழு வரிப் பட்டியல், பதிவு செய்த வியாபாரி இன்னொரு பதிவு செய்த வியாபாரிக்கு விற்கும்போது கொடுப்பது. அவர் தான் கட்டிய வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள அது தேவை. எங்கள் சங்கம் பதிவு செய்த வியாபாரி அல்ல. ஆகவே எங்களுக்குச் சாதாரண பில்தான் வரும், அது பிழை இல்லை. ஆனால் அந்தச் சாதாரண பில்லில் வற் என்று தனியாக ஒரு வரி போட்டுக் காசு எடுத்தால், எடுக்கும் உரிமை இருப்பதைக் காட்டும் இலக்கமும் அதே தாளில் வேண்டும் என்று கேட்பது எங்கள் உரிமை. பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பதும் விதி. சாமான் வாங்கப் போகிறவர் பில்லோடு சேர்த்து அதையும் ஒரு போட்டோ எடுத்து வரலாம். இரண்டிலும் உள்ள பெயரும் இலக்கமும் ஒன்றா என்று பார்த்தால் முடிந்தது.

இங்கே ஒருவர் வந்து சொல்வார்: "சேர், எங்கட சங்கம் வற் கட்டுறதில்ல, எங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" தலைகீழான வாதம். பதிவு செய்த வியாபாரிக்குக் கட்டிய வற் திரும்பக் கழிவாகக் கிடைக்கும். எங்களுக்குக் கிடைக்காது. அந்த 18% முழுவதும் பெற்றோர் தந்த காசிலிருந்து போகிறது, திரும்பி வராது. வியாபாரியை விட நாங்கள்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். இது எந்தக் கடையின் பில்லும் அல்ல. வழக்கமாக வரும் பிழைகளை ஒரே தாளில் போட்டு நாங்கள் அமைத்த உதாரணம். வகுப்பறைச் சுவருக்குப் பெயின்ட் வாங்கிய பில் என்று வையுங்கள்.

பெயின்ட் வாளி 4, ஒன்று 24,500 ரூபா. தொகை 98,000.
பிரைமர் டின் 5, ஒன்று 5,850 ரூபா. தொகை 29,750.
ரோலர் 8, ஒன்று 950 ரூபா. தொகை 7,600.
கூட்டுத்தொகை 135,350.
கழிவு 6,000.
வற் 18% 24,363.
செலுத்த வேண்டியது 153,713.

கம்பியூட்டரில் அடித்த பில், கீழே முத்திரை, கையெழுத்து. கட்டைவிரல் போட எல்லாத் தகுதியும் உண்டு. மூன்று சாமானையும் கூட்டினால் 135,350 சரியாக வருகிறது. கழிவைக் கழித்து வற்றைச் சேர்த்தால் 153,713, அதுவும் சரி. கூட்டல் மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் திருப்தியாகி எழும்பிவிடுவார்.

நாங்கள் எழும்பவில்லை. ஒவ்வொரு வரியையும் பெருக்குகிறோம். 4 தடவை 24,500 என்றால் 98,000, சரி. 8 தடவை 950 என்றால் 7,600, சரி. 5 தடவை 5,850 என்றால் 29,250. பில்லில் 29,750 என்று இருக்கிறது. ஐந்நூறு ரூபா கூட. போட்டோவில் 2க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியவில்லையோ என்று நினைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. மற்ற இரண்டு தொகையையும் கூட்டுத்தொகையிலிருந்து கழியுங்கள். 135,350இல் 98,000ம் 7,600ம் போக 29,750 மிஞ்சுகிறது. ஆகவே கண் பிழை இல்லை, பில்லே அப்படித்தான் கூட்டியிருக்கிறது.

சரியான கூட்டுத்தொகை 134,850. இனி வற்றுக்கு வருவோம்.

வற் எந்தத் தொகைக்குப் போட வேண்டும்? நாங்கள் உண்மையில் கொடுக்கும் விலைக்கு. பில்லிலேயே கழிவு தந்துவிட்டால், கழிவு போன பின் மிஞ்சும் தொகைதான் வரிக்குரிய பெறுமதி. தராத ஆறாயிரம் ரூபாவுக்கு யாரும் வரி கட்டுவதில்லை. ஆனால் இந்தப் பில் என்ன செய்திருக்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். வற் தொகையை 0.18ஆல் வகுங்கள். 24,363ஐ 0.18ஆல் வகுத்தால் 135,350. அந்த எண் பில்லில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கழிவுக்கு மேலே, கூட்டுத்தொகையில் இருக்கிறது. அதாவது கழிவைக் கொடுத்தது போலக் கொடுத்து, வரியை முழு விலைக்கும் போட்டிருக்கிறார்கள்.

சரியாகச் செய்தால், 134,850இல் 6,000 போக 128,850. அதில் 18% என்றால் 23,193. மொத்தம் 152,043. பில் கேட்டது 153,713. வித்தியாசம் 1,670 ரூபா. அதில் 590 ரூபா பிரைமர் பெருக்கலில் வந்த பிழையும் அதன் மேல் ஏறிய வரியும். மீதி 1,080 ரூபா, ஆறாயிரம் ரூபா கழிவின் மேல் போட்ட வரி.

"இது பெரிய தொகையா?" என்று கேட்பீர்கள். ஒரு பில்லில் 1,670 ரூபா. வருடத்துக்கு எத்தனை பில், எத்தனை சங்கம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதைவிட, மேலே தலையில் பதிவு இலக்கம் இல்லாவிட்டால் கேள்வி 1,670 ரூபாவோடு நிற்காது. 24,363 ரூபா முழுவதும் எதற்கு என்று கேட்க வேண்டி வரும். தலையை வெட்டி எடுத்த போட்டோ எவ்வளவு பெரிய கேள்வியை மறைக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, படித்தவர்களும் விழும் குழி. சில பில்லில் "வற் உட்பட" என்று மொத்தத் தொகை மட்டும் இருக்கும். அதற்குள் வரி எவ்வளவு என்று கேட்டால், ஆசிரியர் ஓய்வறையிலேயே மொத்தத்தில் 18% எடுத்துச் சொல்வார்கள். பிழை. நூறு ரூபா சாமானுக்கு 18 ரூபா வரி சேர்ந்தால் 118. ஆகவே உட்பட்ட தொகைக்குள் வரி, 118இல் 18 பங்கு. 11,800 ரூபா வற் உட்பட என்றால் சாமான் 10,000, வரி 1,800. மொத்தத்தில் 18% எடுத்தால் 2,124 வரும், அது உண்மையான வரியை விட 324 ரூபா கூட. எங்கள் உதாரணத்திலும் பாருங்கள், 152,043ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் அதே 23,193 வந்து நிற்கும். பில் சரி என்றால் மேலிருந்து போட்டாலும் கீழிருந்து போட்டாலும் ஒரே எண்தான் வரும்.

இந்தக் குழிக்குள் இன்னொரு குழி இருக்கிறது. வாளியின் மேலே உச்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அந்த விலைக்குள் வரியும் அடக்கம். 11,800 என்று அச்சிட்ட சாமானை 11,800 என்று பில்லில் எழுதி, அதன் மேல் 18% போட்டு 13,924 வாங்கினால், வரிக்கு மேல் வரி வாங்கியதாகும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதே நுகர்வோர் சட்டப்படி குற்றம். பில்லை மட்டும் பார்த்தால் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் பில்லின் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். வாளியின் மேல் உள்ள விலையையும் ஒரு போட்டோ எடுத்தால்தான் பிடிபடும்.

பழைய பில்களைக் கிளறும்போது திகதியையும் பாருங்கள். 2019 டிசம்பர் முதல் வற் 8%. 2022 ஜூன் முதல் 12%. அதே வருடம் செப்டம்பர் முதல் 15%. 2024 ஜனவரி முதல் 18%. 2023 நவம்பர் திகதி போட்ட பில்லில் 18% இருந்தால், வீதம் பிழை, அல்லது அந்தப் பில் அந்தத் திகதியில் எழுதப்படவில்லை. இரண்டும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்னொன்று. யூடியூப்பில் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டு, "பில்லில் வரி இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும், இதில் ஒன்றுதான் இருக்கிறது, கள்ள பில்" என்று ஒரு குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். அது இந்தியாவின் கதை. அங்கே 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி. மாநிலத்துக்குள் விற்றால் வரி பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநிலத்துக்கும் பிரியும், 18% என்றால் 9ம் 9ம். மாநிலம் தாண்டினால் ஒரே வரியாக வரும். இங்கே வற் ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பாதி கிடையாது. இங்கே பார்க்க வேண்டிய பிரிவு வேறு: வரிக்குரிய சாமானும் வரிவிலக்கான சாமானும் ஒரே பில்லில் கலந்திருக்கிறதா என்பது. அரிசிக்கும் பாணுக்கும் வற் இல்லை. விழாச் சாப்பாட்டுக்கு அரிசியும், சோடாவும், பிளாஸ்டிக் கோப்பையும் ஒரே கடையில் வாங்கி, முழு மொத்தத்துக்கும் 18% போட்டிருந்தால் அரிசிக்கும் வரி கட்டியிருக்கிறீர்கள். மறுபடியும் அதே வழி: வற்றை 0.18ஆல் வகுங்கள். வரும் எண்ணுக்குள் அரிசியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

போட்டோவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தாளை மேசையில் விரித்து, நாலு மூலையும் தெரிய, நேர் மேலிருந்து எடுங்கள். நீளமான பில் என்றால் இரண்டு போட்டோ, ஆனால் ஒரு வரியாவது இரண்டிலும் வர வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சாமான் காணாமல் போனது யாருக்கும் தெரியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் மங்கும், 3ம் 8ம் ஒன்றாகிவிடும். ஆவணமாக அனுப்புங்கள். வெப்பத்தில் அச்சாகும் வழுவழுப்பான தாள் சில மாதத்தில் வெளுத்துவிடும், ஆகவே அதை வாங்கிய அன்றே படம் எடுங்கள். ஓர் எண் தெரியாவிட்டால் மற்ற எண்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம், மேலே பிரைமருக்குச் செய்தது போல. இரண்டு எண் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், மூலப் பில்லைக் கேளுங்கள்.

இதையெல்லாம் சொல்லும்போதே ஒரு எல்லையையும் சொல்கிறோம். கணக்குச் சரியாக வந்தால் பில் உண்மையானது என்று அர்த்தம் இல்லை. வாங்காத சாமானுக்கும் அழகாகப் பெருக்கிக் கூட்டி பில் எழுதலாம். வாளி நாலும் பாடசாலைக்கு வந்ததா என்பதை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். அதேபோல் கணக்குப் பிழைத்தால் களவு என்றும் அர்த்தம் இல்லை. சதக் கணக்கில் வித்தியாசம் வந்தால் அது முழுதாக்கியதில் வந்தது, விட்டுவிடலாம். கம்பியூட்டர் பில் என்றாலும் பல கடைகளில் தொகையைக் கையால்தான் தட்டுகிறார்கள், விரல் தவறும். பில்லைத் திருப்பிக் கொடுத்து, "இந்த வரியை ஒருக்கா பாருங்க முதலாளி" என்று சொன்னால் நேர்மையான வியாபாரி உடனே திருத்தித் தருவார். திருத்த மறுக்கிறவருக்கும், பதிவு இலக்கம் கேட்டால் கோபப்படுகிறவருக்கும் வேறு வழி இருக்கிறது. வற் பற்றி இறைவரித் திணைக்களத்துக்கு 1944. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977.

ஆனால் எங்கள் கோபம் கடைக்காரர் மேல் அல்ல. பொருளாளர் மேலும் அல்ல. அவர் பாவம், தன் மோட்டார் சைக்கிளில் தன் பெற்றோலில் போய்ச் சாமான் வாங்கி வருகிறார். எங்கள் கோபம், அந்தப் பொருளாளரைத் தனியாக விட்டுவிட்டுக் கட்டைவிரல் போடுகிற எங்கள் எல்லோர் மேலும்தான். நாளைக்குக் கணக்காய்வில் ஒரு பில் பிழைத்தால் மாட்டுவது அவர் ஒருவர். "குழுவில் போட்டனே, எல்லாரும் ஓகே என்டீங்களே" என்று அவர் கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது?

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட எந்தப் பில்லும் தலை தெரியாத போட்டோவாக வந்தால் ஏற்கப்படாது. பொருளாளர் அல்லாத இரண்டு பெற்றோர் ஒவ்வொரு வரியையும் பெருக்கி, வற்றை 0.18ஆல் வகுத்துப் பார்த்து, பில்லின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்து நிமிட வேலை. கையில் இருக்கும் போனிலேயே கல்குலேட்டர் இருக்கிறது.

"பெற்றோருக்கு இந்தக் கணக்கு விளங்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சந்தையில் தேங்காய்க்கு விலை பேசும் தாய்மார் எங்களைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்கள். போட்டோவைப் பெரிதாக்கி அவர்கள் கையில் கொடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.